துளைகள் எங்கே இருக்க வேண்டும்: டேட்டம் சட்டகமும் போனஸ் டாலரன்ஸும் புதியவர்களுக்கு

நாகர்கோவில் கோணம் தொழிற்பேட்டையில் சிறு பட்டறை வைத்திருப்பவர்களுக்குக் குளச்சல், முட்டம், சின்னமுட்டம் துறைமுகங்களிலிருந்து விசைப்படகு வேலை வருவது வழக்கம். அதில் ஒரு சாதாரண உருப்படியை எடுத்துக்கொள்வோம். இன்ஜினிலிருந்து பெல்ட்டில் ஓடும் தண்ணீர் பம்ப் ஒன்றைத் தாங்கும் இரும்பு பிளேட். நீளம் 160 மி.மீ., அகலம் 100 மி.மீ., தடிப்பு 12 மி.மீ. நான்கு துளைகள், நான்கு எம்8 போல்ட்டுகள். போல்ட்டுகள் இன்ஜின் பெட்டில் மரை போட்ட துளைகளில் இறங்குகின்றன. பெட்டிலேயே நீளவாக்கில் இரண்டு முட்டுகளும் அகலவாக்கில் ஒரு முட்டும் இருக்கின்றன. பிளேட்டை அந்த முட்டுகளில் அணைத்துவைத்து போல்ட்டை முறுக்கினால் பெல்ட் நேராக ஓடும். கடலுக்குப் போகும் முன் பிளேட்டை மாற்ற நேர்ந்தால் புல்லியை மறுபடி நேர்படுத்த வேண்டியதில்லை. முட்டு வைத்ததன் நோக்கமே அதுதான்.

இந்த பிளேட்டின் வரைபடத்தில் துளைகளின் இடத்தை எப்படிச் சொல்வது, வந்த பிளேட்டை எப்படி அளந்து ஏற்பது அல்லது திருப்புவது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். ஐ.டி.ஐ. அல்லது பாலிடெக்னிக் முடித்து வரைபட மேசைக்கோ ஆய்வு மேசைக்கோ இப்போதுதான் வந்திருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

கூட்டல் கழித்தல் ஏன் போதவில்லை

பழைய வழக்கத்தில் துளைக்கு விளிம்பிலிருந்து 20 ±0.2, துளைக்குத் துளை 60 ±0.2 என்று எழுதிவிடுவார்கள். இதில் இரண்டு கோளாறுகள் உண்டு.

முதலாவது, அனுமதிக்கப்பட்ட பகுதி சதுரமாகிவிடுகிறது. போல்ட் உருண்டை. துளை எந்தப் பக்கம் விலகினாலும் போல்ட்டுக்கு ஒன்றுதான். சதுரத்திலோ மூலைவாக்கில் கூடுதல் விலகலுக்கு இடம் உண்டு, நேர்வாக்கில் இல்லை. மூலையில் 0.25 மி.மீ. விலகிய துளை போல்ட்டை ஏற்கிறது என்றால், நேர்வாக்கில் அதே 0.25 விலகிய துளையும் ஏற்கும். ஆனால் ±0.18 சதுரம் முன்னதை ஏற்றுப் பின்னதைத் திருப்பி அனுப்பும். சதுரத்துக்குப் பதிலாக அதன் நான்கு மூலைகளையும் தொடும் வட்டத்தைக் கொடுத்தால் பரப்பு சுமார் 57 விழுக்காடு கூடுகிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஸ்காட்லாந்தின் அலெக்ஸாண்ட்ரியாவில் இருந்த ராயல் டார்பிடோ தொழிற்சாலையின் ஸ்டான்லி பார்க்கர் இந்த எண்ணத்தை முன்வைத்தவராக அறியப்படுகிறார். ஆய்வில் கழிக்கப்பட்ட உருப்படிகள் பொருத்தும்போது சரியாகச் சேர்ந்தன என்பதுதான் அவரைச் சிந்திக்க வைத்தது.

இரண்டாவது கோளாறுதான் பெரியது. ‘விளிம்பிலிருந்து 20’ என்றால் எந்த விளிம்பிலிருந்து, பிளேட்டை எப்படி வைத்து? வரைபடம் வாய் திறப்பதில்லை. பட்டறையில் ஒருவிதமாகவும் ஆய்வில் வேறுவிதமாகவும் வைத்து அளப்பார்கள். பிறகு இப்படி ஒரு பேச்சு நடக்கும்:

“தம்பி, நான் அளந்தபோது நான்கும் சரியாக இருந்தனவே. ஏன் திருப்பி அனுப்பினீர்கள்?”

“அண்ணாச்சி, நீங்கள் எந்தப் பக்கத்தை வைத்து அளந்தீர்கள்?”

உருப்படியை எந்தெந்த முகங்களில், எந்த வரிசையில் அணைத்து அளக்க வேண்டும் என்று சொல்லும் டேட்டம் சட்டகம் இந்தக் கேள்விக்கு வரைபடத்திலேயே பதில் எழுதிவைக்கிறது.

படி 1: பிளேட் எதன்மேல் உட்காருகிறது என்று பாருங்கள்

டேட்டம் எழுத்துகளை வரைபடத்தில் இடம் காலியாக உள்ள பக்கம் பார்த்துப் போடக் கூடாது. பொருத்தும்போது உருப்படி எதை முதலில் தொடுகிறது என்ற வரிசையிலேயே போட வேண்டும்.

நம் பிளேட் முதலில் அடிமுகத்தால் பெட்டின்மேல் உட்காருகிறது. குறைந்தது மூன்று புள்ளிகளில் தொடும். அது A. அடுத்து 160 மி.மீ. நீள விளிம்பை இரண்டு முட்டுகளில் அணைக்கிறோம். இரண்டு புள்ளிகள். அது B. கடைசியாகக் குறுகிய விளிம்பு ஒரு முட்டைத் தொடும்வரை தள்ளுகிறோம். ஒரு புள்ளி. அது C. மூன்று, இரண்டு, ஒன்று என ஆறு தொடுபுள்ளிகளில் பிளேட் அசைய வழியில்லாமல் நின்றுவிடுகிறது.

வரிசை மாறினால் என்ன கெட்டுவிடும்? கணக்குப் போட்டே பார்க்கலாம். C விளிம்பு B-க்குச் செங்குத்தாக இல்லாமல், 100 மி.மீ. அகலத்தில் 0.3 மி.மீ. சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரணமாக வெட்டிய விளிம்பில் இது பெரிய பிழையல்ல. ஆய்வாளர் கவனிக்காமல் C விளிம்பை முழுதாக அணைத்துவிட்டு, B-யை ஒரு புள்ளியில் தொடவைத்து அளக்கிறார். பிளேட் முழுவதும் 100-க்கு 0.3 என்ற அளவில் திரும்பிவிடும். C-யிலிருந்து 140 மி.மீ. தள்ளி இருக்கும் துளை, அந்தத் திருப்பத்தால் மட்டுமே 0.42 மி.மீ. நகர்ந்ததாகத் தெரியும். துளையில் குற்றமில்லை, வைத்த முறையில்தான் குற்றம்.

டேட்டமாக எடுக்கும் விளிம்பு மில்லிங் செய்த விளிம்பாக இருக்கட்டும். கேஸ் கட்டிங் செய்த விளிம்பில் எழுத்தைப் போட்டுவிட்டு 0.5 மி.மீ. துல்லியம் கேட்பது நியாயமில்லை. A முகத்துக்குத் தட்டைத்தன்மையும், B விளிம்புக்கு A-யைப் பொறுத்த செங்குத்துத்தன்மையும் வரைபடத்தில் தனியாகக் குறிப்பிடுங்கள்.

படி 2: கட்டத்துக்குள் அளவுகள்

துளைகளின் சரியான இடத்தைக் காட்டும் அளவுகளை, அதாவது B-யிலிருந்து 20, அதற்கு மேல் 60, C-யிலிருந்து 20, அதற்கு அப்பால் 120 என்பவற்றை, ஒவ்வொன்றாகச் சிறு கட்டத்துக்குள் எழுதுங்கள். கட்டத்துக்குள் இருக்கும் அளவுக்குத் தனி டாலரன்ஸ் கிடையாது. தலைப்புக் கட்டத்தில் உள்ள பொது டாலரன்ஸும் அதற்குப் பொருந்தாது. அவை துளை இருக்க வேண்டிய குறியிடத்தை மட்டும் சொல்கின்றன. எவ்வளவு விலகலாம் என்பதைப் படி 4-இல் எழுதப்போகும் சட்டகம் சொல்லும்.

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. கட்டத்துக்குள் போட்ட அளவின் பக்கத்திலேயே பழக்கதோஷத்தில் ±0.2-உம் எழுதிவிடுவார்கள். ஒரே துளைக்கு இரண்டு சட்டங்கள் ஆகிவிடும். பட்டறைக்காரர் தனக்கு வசதியானதைப் படிப்பார்.

படி 3: எண்ணை எங்கிருந்து எடுப்பது

0.5 என்ற எண் எங்கிருந்து வருகிறது? பழைய வரைபடத்திலிருந்து பார்த்தெழுதுவதைவிடக் கூட்டிக் கழிப்பது சுலபம். எம்8 போல்ட்டின் அதிகபட்ச விட்டம் 8.0. துளையின் குறைந்தபட்ச விட்டம் 9.0. மிச்சம் 1.0. போல்ட் பெட்டில் மரையில் இறங்கி நிற்பதால் அதற்கு நகர இடமில்லை. ஆகவே இந்த 1.0 மி.மீ. பிளேட்டின் துளைக்கும் பெட்டின் மரைத்துளைக்கும் சேர்த்துக் கிடைக்கும் பங்கு. சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 0.5. மரைத்துளை போடுவதுதான் கடினம் என்றால் பெட்டுக்கு 0.6-உம் பிளேட்டுக்கு 0.4-உம் கொடுக்கலாம். கூட்டுத்தொகை 1.0-ஐத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். மரைக்குப் பதிலாக இரு பக்கமும் திறந்த துளையும் நட்டும் இருந்திருந்தால், போல்ட் இரண்டிலும் ஆடும் என்பதால் இரண்டு பக்கத்துக்கும் முழு 1.0-ஐயே கொடுக்கலாம்.

படி 4: சட்டகத்தை எழுதுதல்

```
4X Ø9.0 +0.2/0
⌖ | Ø0.5 Ⓜ | A | B | C
```

மேல்வரி துளையின் விட்டம்: நான்கு துளைகள், 9.0 முதல் 9.2 வரை. கீழ்வரியை இடமிருந்து வலமாக வாசித்தால்: இருப்பிடம், 0.5 மி.மீ. விட்டமுள்ள உருளைக்குள் துளையின் மைய அச்சு இருக்க வேண்டும், Ⓜ இருப்பதால் அந்த 0.5 என்ற எண், துளை அதன் மிகச் சிறிய அளவில் இருக்கும்போது பொருந்தும். அளக்கும்போது பிளேட்டை A, B, C என்ற வரிசையில் அணைத்து வைக்க வேண்டும்.

0.5-க்கு முன்னால் உள்ள Ø குறியை விட்டுவிட்டால் அது உருளை என்பதே போய்விடும். விட்டம் என்பதையும் மறக்க வேண்டாம். மையம் குறியிடத்திலிருந்து 0.25 வரைதான் விலகலாம். ‘0.5 விலகலாம்’ என்று வாசிப்பவர்கள் பட்டறையிலும் ஆய்விலும் இன்றும் இருக்கிறார்கள்.

வரைபடத்தின் ஓரத்தில் எந்தத் தரத்தைப் பின்பற்றுகிறீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். ஏ.எஸ்.எம்.இ. ஒய்14.5-2018 அல்லது ஐ.எஸ்.ஓ. 1101. வட்டத்துக்குள் எம் எழுத்துக்கு ஐ.எஸ்.ஓ.வில் தனியாக 2692 இருக்கிறது. இந்த பிளேட்டைப் பொறுத்தவரை இரண்டு வழியிலும் பதில் ஒன்றுதான். நுணுக்கங்களில் வேறுபாடு உண்டு என்பதால்தான் இதை எழுதச் சொல்கிறேன்.

போனஸ் என்றால் என்ன

பெயரைக் கேட்டால் தீபாவளிக்கு முதலாளி கொடுக்கும் போனஸ் போல யாரோ மனம் வைத்துத் தருவதாகத் தோன்றும். அப்படியல்ல. துளை தன் மிகச் சிறிய அளவான 9.0-ஐவிட எவ்வளவு பெரிதாகிறதோ, அவ்வளவு கூடுதலாக அதன் இடம் விலகலாம். கூடுதல் இடத்தைத் தருவது துளையேதான். தந்தாலும் தராவிட்டாலும் போல்ட் நுழையும் வழி குறைவதில்லை.

```
துளை விட்டம்   போனஸ்   மொத்த டாலரன்ஸ்
9.00          0.00     0.50
9.05          0.05     0.55
9.10          0.10     0.60
9.20          0.20     0.70
```

அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் துளை விட்டத்திலிருந்து மொத்த டாலரன்ஸைக் கழித்துப் பாருங்கள். எல்லா வரியிலும் 8.5 வரும். துளை எங்கே, எவ்வளவு பெரிதாக இருந்தாலும் குறியிடத்தில் 8.5 மி.மீ. விட்டமுள்ள வழி எப்போதும் திறந்திருக்கும் என்பதுதான் வரைபடம் கொடுக்கும் உறுதி. மறுபக்கம் பெட்டில், 8.0 போல்ட் 0.5 வரை விலகினால் அது அடைக்கும் இடமும் 8.5-தான். இரண்டும் தொட்டும் தொடாமலும் பொருந்துகின்றன.

நடைமுறையில் 9 மி.மீ. ட்ரில் பெரும்பாலும் 9-ஐவிடச் சற்றுப் பெரிதாகவே துளைக்கும். ஆகவே இந்த போனஸ் ஏட்டளவில் நிற்பதல்ல, அநேகமாக எல்லா பிளேட்டிலும் கொஞ்சம் கிடைத்துவிடும். ஆனால் 9.2-க்கு மேல் போனால் போனஸ் கூடாது. துளை விட்டமே தவறு என்று பிளேட் அங்கேயே கழிந்துவிடும்.

Ⓜ குறியை எல்லாத் துளைக்கும் போடலாமா? போல்ட்டை விடுவது மட்டுமே துளையின் வேலை என்றால் போடலாம். நம் பிளேட்டின் இடத்தை முட்டுகள் தீர்மானிக்கின்றன. போல்ட் இறுக்கிப் பிடிப்பதோடு சரி. துளை பெரிதானால் எந்த நட்டமும் இல்லை. அதே பிளேட்டை முட்டு இல்லாமல் இரண்டு டவல் பின்களால் நிறுத்தியிருந்தால் கதை வேறு. அந்தத் துளைகள்தான் புல்லி நேராக நிற்பதைத் தீர்மானிக்கும். துளை பெரிதானால் இடமும் விலகலாம் என்று அங்கே சொல்வது இரட்டைத் தளர்வு. அங்கே Ⓜ இல்லாமல் எண்ணை மட்டும் எழுத வேண்டும். Ⓜ-ஐ எழுதாமல் விட்டால், துளையின் அளவு எதுவாக இருந்தாலும் அந்த எண் மாறாது என்று பொருள்.

படி 5: அளத்தல்

சி.எம்.எம். இல்லாத பட்டறையில் சர்ஃபேஸ் பிளேட், ஆங்கிள் பிளேட், டயல் பொருத்திய ஹைட் கேஜ், 9.00-லிருந்து 0.01 படியாக ஏறும் பின் கேஜ்கள் ஆகியவை போதும்.

முதலில் துளையின் அளவு. வெர்னியரின் உள்தாடையை வைத்து இரண்டு இடத்தில் அளந்து போனஸ் கணக்கிடாதீர்கள். துளை சாய்ந்தோ கோணலாகவோ இருந்தால் வெர்னியர் உண்மையைவிடப் பெரிய எண்ணைக் காட்டும். தடையின்றி முழு ஆழமும் இறங்கும் மிகப் பெரிய பின் எதுவோ அதுதான் போனஸுக்கான அளவு.

அடுத்து பிளேட்டின் A முகத்தை ஆங்கிள் பிளேட்டில் முழுதாகப் படியவைத்து, B விளிம்பை சர்ஃபேஸ் பிளேட்டில் உட்காரவைத்துக் கிளாம்ப் செய்யுங்கள். துளையில் பின்னைச் செருகி, அதன் உச்சியை டயலால் தொட்டு, ஆரத்தைக் கழித்தால் B-யிலிருந்து உயரம் கிடைக்கும்.

C-யிலிருந்து தூரம் எடுக்கும்போதுதான் கை தவறும். பிளேட்டைக் கழற்றி C விளிம்பில் நிறுத்தினால், மேலே சொன்ன வரிசை மாற்றம் இங்கே நடந்துவிடும். C விளிம்பு இரண்டு புள்ளிகளில் உட்கார்ந்துகொள்ளும். பிளேட்டைக் கழற்றாமல் ஆங்கிள் பிளேட்டையே 90 பாகை பக்கவாட்டில் படுக்கவையுங்கள். இதற்கு ஆங்கிள் பிளேட்டின் பக்கமுகமும் செங்குத்தாக அரைக்கப்பட்டிருக்க வேண்டும். C விளிம்பு மேலே வரும்படி திருப்பினால் இன்னும் நல்லது. டயலை C-யின் மேல் ஓட்டி மிக உயர்ந்த புள்ளியைக் கண்டுபிடியுங்கள். முட்டு தொடப்போவது அந்தப் புள்ளியைத்தான். அதிலிருந்து பின்னின் மையம்வரை இறங்கும் தூரமே உங்கள் அளவு.

ஒரு பிளேட்டின் அளவுகள் இப்படி வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் எண் C-யிலிருந்து, இரண்டாவது B-யிலிருந்து, மூன்றாவது பின் அளவு.

```
1:  20.06   20.05   9.08
2: 140.15   20.08   9.10
3: 140.22   79.83   9.12
4:  20.17   79.78   9.03
```

ஒவ்வொரு துளைக்கும் இரண்டு விலகல்களையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்க வேண்டும். மண்டலம் விட்டமாகச் சொல்லப்பட்டிருப்பதால் அந்த இரட்டிப்பு. மூன்றாவது துளைக்கு:

```
2 × √(0.22² + 0.17²) = 0.556
```

முதல் துளை 0.16, இரண்டாவது 0.34. இரண்டுக்கும் போனஸே தேவைப்படவில்லை. மூன்றாவது 0.556. வெறும் 0.5 என்றால் கழிவு. ஆனால் துளை 9.12, போனஸ் 0.12, அனுமதி 0.62. ஏற்கலாம். நான்காவதின் விலகல்கள் 0.17-உம் 0.22-உம். அதாவது அதே 0.556. துளையோ 9.03. அனுமதி 0.53. தேறாது. இரண்டு துளைகளும் ஒரே அளவு இடம் தவறியும், பெரிய துளை பிழைத்தது, சிறிய துளை மாட்டிக்கொண்டது.

நான்காவது துளைக்காக பிளேட்டை எறிய வேண்டியதில்லை. விட்டத்தில் இன்னும் இடம் இருக்கிறது. கை ரீமரால் 9.15-க்குப் பெரிதாக்கினால் போனஸ் 0.15, அனுமதி 0.65. பிளேட் தேறிவிடும். ரீமர் இருக்கும் துளையையே பின்தொடரும் என்பதால் மையம் அதிகம் நகராது. இருந்தாலும் பெரிதாக்கிய பிறகு இடத்தையும் மறுபடி அளந்துவிடுங்கள். இது ஏமாற்று வேலையல்ல, வரைபடம் அனுமதித்த வழிதான். வட்டத்துக்குள் எம் இல்லாத வரைபடத்தில் இந்த வழி அடைபட்டிருக்கும்.

எண்களைக் கழிப்பதற்கும் ஏற்பதற்கும் மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்காதீர்கள். மூன்றாம், நான்காம் துளைகள் இரண்டும் B பக்கமாகவே இறங்கியிருக்கின்றன. இரு வரிசைகளின் இடைவெளி 60-க்குப் பதிலாக ஒருபுறம் 59.75, மறுபுறம் 59.73. ட்ரில் அலைந்திருந்தால் ஒவ்வொரு துளையும் தன்போக்கில் ஒரு திசைக்குப் போயிருக்கும். ஒரே திசையில் ஏறக்குறைய ஒரே அளவு குறைவது மெஷின் மேசை நகர்ந்த தூரத்தில் இருக்கும் பிழை. ஸ்குரூவின் பேக்லாஷை எடுக்காமல் திசை மாற்றினார்களா, டயலை வாசித்ததில் தவறா என்று கேட்க வேண்டும். அதைச் சரிசெய்தால் அடுத்த பிளேட்டில் போனஸைத் தேட வேண்டிய அவசியம் வராது.

படி 6: கேஜ் செய்வதா

நூற்றுக்கணக்கில் பிளேட் போகிறது என்றால் மேலே சொன்ன அளவெடுப்பு கட்டுபடியாகாது. ஒரு கேஜ் செய்துகொள்ளலாம். தட்டையான அடித்தளம், B-க்கு இரண்டு முட்டு, C-க்கு ஒரு முட்டு, குறியிடங்களில் 8.5 மி.மீ. விட்டமுள்ள நான்கு நிலைப்பின்கள், பிளேட்டின் 12 மி.மீ. தடிப்பைத் தாண்டும் உயரத்தில். பிளேட்டைப் பின்களில் இறக்கி, முட்டுகளில் வரிசைப்படி அணைத்து, அடிமுகம் படிகிறதா என்று பார்த்தால் போதும். போனஸ் கணக்கை யாரும் போட வேண்டாம். பெரிய துளை தானாகவே கூடுதலாக விலக இடம் பெறும். ஆனால் இந்தக் கேஜ் துளை அதிகம் பெரிதாகிவிட்டதா என்று சொல்லாது. அதற்கு 9.0 போகும், 9.2 போகாத பிளக் கேஜ் தனியாக வேண்டும். பத்து இருபது பிளேட்டுக்காகக் கேஜ் செய்வது, என் கணக்கில், காசைக் கடலில் போடுவது.

பெட்டின் வரைபடம்

பிளேட்டை மட்டும் ஒழுங்காக எழுதிவிட்டு பெட்டைப் பழைய முறையில் விட்டுவிட்டால் பாதி வேலைதான் ஆகும். பெட்டின் மரைத்துளைகளுக்கும் அதே A, B, C, அதாவது பெட்டின் முகமும் முட்டுகளும், 0.5-உம் வேண்டும். அங்கே இன்னொரு குறி அவசியம். மரைத்துளை சற்றே சாய்ந்திருந்தால், பெட்டின் மேற்பரப்பில் சரியாகத் தெரியும் போல்ட், பிளேட்டின் 12 மி.மீ. உயரத்துக்கு ஏறுவதற்குள் விலகிவிடும். ஆகவே டாலரன்ஸ் மண்டலத்தை மரைக்குள் வைக்காமல் வெளியே நீட்ட வேண்டும்:

```
4X M8
⌖ | Ø0.5 Ⓟ 12 | A | B | C
```

இதை அளப்பவர் மரையில் ஒரு மரைப்பின்னை முறுக்கி, மேற்பரப்பிலும் 12 மி.மீ. உயரத்திலும் இரண்டு இடத்தில் மையத்தை எடுக்க வேண்டும். இரண்டு இடத்திலும் 0.5-க்குள் இருந்தால்தான் பெட் தேறும். இங்கே Ⓜ போடாததற்குக் காரணம், மரையின் விட்ட வேறுபாட்டால் போல்ட்டுக்கு நம்பத்தக்க இடம் எதுவும் கிடைப்பதில்லை. முறுக்கும்போது போல்ட் மரையின் மையத்துக்கே வந்து நின்றுவிடும்.